ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்தால்? மெசேஜ் க்யூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சர்வீஸ் செய்யச் சொல்லும் வேலையை மெசேஜாகப் போட்டு வைக்கும் இடம் க்யூ, அதை எடுத்துச் செய்யும் ப்ரோக்ராம் வொர்க்கர். க்யூ என்று பொதுவாகச் சொன்னால் எல்லாம் காற்றில் நிற்கும். அதனால் கீழே உள்ள பதில்களுக்கு அமேசானின் எஸ்க்யூஎஸ், அதிலும் ஸ்டாண்டர்ட் க்யூவைத்தான் எடுத்துக்கொள்கிறேன், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ராபிட்எம்க்யூ, காஃப்கா வைத்திருப்பவர்களுக்கும் பெயர்கள்தான் மாறும், தலைவலி அதேதான்.

க்யூவில் ஒரு தடவைதான் போட்டேன். வொர்க்கருக்கு ஏன் ரெண்டு தடவை வருது?

`ReceiveMessage` கூப்பிட்டால் மெசேஜ் க்யூவை விட்டு வெளியே வந்துவிடுகிறது என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது வெளியே வருவதில்லை. க்யூ உங்களுக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அசலை மற்ற வொர்க்கர்கள் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறது. அந்த நேரத்துக்குப் பெயர் விசிபிலிட்டி டைம்அவுட், நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் 30 நொடி. அதற்குள் நீங்கள் `DeleteMessage` கூப்பிட்டால் மெசேஜ் போய்விடும். கூப்பிடாவிட்டால், "இந்த ஆள் செத்துவிட்டான் போல" என்று க்யூ முடிவு கட்டி அதையே அடுத்த வொர்க்கரிடம் நீட்டும்.

வேறு வழியும் கிடையாது. க்யூவின் பக்கமிருந்து பார்த்தால், வேலையை முடித்துவிட்டு டெலிட் சொல்வதற்குள் செத்த வொர்க்கரும், வேலையைத் தொடாமலே செத்த வொர்க்கரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், ரெண்டு பேரிடமும் பதில் இல்லை. மறுபடி அனுப்பினால் ரெண்டு தடவை நடக்கலாம், அனுப்பாவிட்டால் நடக்காமலே போகலாம். எஸ்க்யூஎஸ் முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இதைத்தான் 'அட்-லீஸ்ட்-ஒன்ஸ்' என்கிறார்கள், குறைந்தது ஒரு தடவை வரும், கூடவும் வரலாம்.

வொர்க்கர் ஒண்ணும் சாகலையே, லாக்ல எர்ரரே இல்ல. அப்பவும் ரெண்டு தடவை நடந்திருக்கு, எப்படி?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆர்டருக்குப் பணம் வந்ததும் வாலட்டில் 50 ரூபாய் கேஷ்பேக் ஏற்ற வேண்டும். வொர்க்கர் மெசேஜை எடுக்கும், பணம் உண்மையிலேயே வந்ததா என்று பேமென்ட் கேட்வேயிடம் கேட்கும், ஆம் என்றால் வாலட்டில் ஏற்றும், டெலிட் செய்யும். மொத்தம் 2 நொடி வேலை. விசிபிலிட்டி டைம்அவுட்டை யாரும் தொடவில்லை, 30 நொடியிலேயே இருந்தது.

ஒரு நாள் மாலை கேட்வே மந்தமானது. எர்ரர் எல்லாம் இல்லை, பதில் வர 40 நொடி ஆனது, அவ்வளவுதான். எங்கள் எச்டிடிபி டைம்அவுட்டோ 60 நொடி. ஒரு மெசேஜின் கதையை மட்டும் நேரத்தோடு பாருங்கள்:

```
19:02:00  வொர்க்கர் A மெசேஜை எடுக்கிறது
19:02:30  30 நொடி முடிந்தது, மெசேஜ் மறுபடி வெளியே தெரிகிறது
19:02:31  வொர்க்கர் B அதே மெசேஜை எடுக்கிறது
19:02:40  A-க்குப் பதில் வருகிறது, 50 ரூபாய் ஏற்றுகிறது, டெலிட் சொல்கிறது
19:03:11  B-க்குப் பதில் வருகிறது, இன்னொரு 50 ரூபாய் ஏற்றுகிறது
```

ரெண்டு வொர்க்கரும் சரியாகத்தான் நடந்துகொண்டன. இதில் ஒரு குட்டி விஷயம் இருக்கிறது. A டெலிட் சொன்னபோது காட்டிய அடையாளச் சீட்டு, அதாவது `ReceiptHandle`, பழையது. ஒவ்வொரு முறை மெசேஜை எடுக்கும்போதும் புது ஹேண்டில் வரும். ஸ்டாண்டர்ட் க்யூவில் பழையதை வைத்து டெலிட் செய்தால் வெற்றி என்றே பதில் வரும், ஆனால் மெசேஜ் அழியாமலும் இருக்கலாம். அதனால்தான் லாக் முழுக்கப் பச்சையாக இருந்தது. வாடிக்கையாளர்களும் புகார் சொல்லவில்லை, கூடுதல் காசு வந்தால் யார் புகார் சொல்வார்கள்? மாதக் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது.

உங்கள் பக்கம் இது நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி: மெசேஜை எடுக்கும்போது `ApproximateReceiveCount` என்ற அட்ரிப்யூட்டையும் கேட்டு வாங்கி லாக்கில் எழுதுங்கள். எர்ரரே இல்லாத நாளில் அது 2, 3 என்று வந்தால் டைம்அவுட்தான் போதவில்லை.

மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் 4 நொடிதான் ஆகுது. டைம்அவுட் 30. அப்ப எங்களுக்குப் பிரச்சினை இல்லையே?

ஒரே கூப்பிடலில் எத்தனை மெசேஜ் எடுக்கிறீர்கள்? பத்து வரை எடுக்கலாம், பெரும்பாலோர் பத்துதான் எடுக்கிறார்கள். எடுத்த நொடியிலேயே பத்துக்கும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொடுவதற்காக அது காத்திருக்காது. ஆளுக்கு 4 நொடி என்றால் எட்டாவது மெசேஜ் 28ஆவது நொடியில் தொடங்கி 32இல் முடியும், அதற்குள் 30 தாண்டிவிட்டது. ஒன்பதாவதையும் பத்தாவதையும் நீங்கள் தொடும்போதே வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது பத்தையும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு டைம்அவுட்டை வையுங்கள்.

டைம்அவுட்டை 12 மணி நேரம்னு வச்சிட்டா முடிஞ்சதா?

12 மணி நேரம்தான் உச்ச வரம்பு, வைக்கலாம். அப்புறம் ஒரு வொர்க்கர் மெமரி தீர்ந்து நிஜமாகவே செத்தால், அதன் கையில் இருந்த மெசேஜ் 12 மணி நேரம் யாருக்கும் தெரியாது. ஆர்டர் போட்டவர் காலையில் போட்டதற்கு ராத்திரி எஸ்எம்எஸ் போகும்.

நான் செய்வது இது. வழக்கமாக ஆகும் அதிகபட்ச நேரத்தைப் போல சில மடங்கு டைம்அவுட் வைப்பேன். வேலை அதையும் தாண்டும் என்றால், வொர்க்கர் உயிரோடு இருக்கும்வரை நடுநடுவே `ChangeMessageVisibility` கூப்பிட்டு நேரத்தை நீட்டிக்கொண்டே போகும், செத்தால் நீட்டுவது தானாக நின்றுவிடும். வெளியே கூப்பிடும் எச்டிடிபி டைம்அவுட் எப்போதும் விசிபிலிட்டி டைம்அவுட்டைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். எங்கள் கதையில் 60, 30 என்று தலைகீழாக இருந்ததே, அதைச் சரி செய்திருந்தாலே அன்றைக்கு முக்கால்வாசி தப்பித்திருப்போம். முழுசாக அல்ல, ஏனென்றால் டைம்அவுட் டூப்ளிகேட்டைக் குறைக்கும், ஒழிக்காது. ஸ்டாண்டர்ட் க்யூ மெசேஜைப் பல சர்வர்களில் வைத்திருக்கிறது. நீங்கள் டெலிட் சொன்ன நேரத்தில் ஒரு சர்வர் கைக்கு எட்டவில்லை என்றால், அதிலிருக்கும் பிரதி பின்னால் எழுந்து வரலாம் என்று அமேசானே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது.

'எக்ஸாக்ட்லி-ஒன்ஸ்' தர்ற க்யூ இருக்குன்னு சொல்றாங்களே? ஃபிஃபோவுக்கு மாறினா போதாதா?

அந்த வார்த்தை எதை மூடுகிறது, எதை மூடவில்லை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எஸ்க்யூஎஸ்ஸின் இன்னொரு க்யூ வகையான ஃபிஃபோ, ஒரே `MessageDeduplicationId` உள்ள மெசேஜை 5 நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி அனுப்பினால் ரெண்டாவதைச் சேர்க்காது. இது அனுப்பும் பக்கத்துப் பாதுகாப்பு. ஆறாவது நிமிடத்தில் அனுப்பினால் அது புது மெசேஜ். எடுக்கும் பக்கத்திலோ விசிபிலிட்டி டைம்அவுட் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன A, B கதை போல ரெண்டு தடவை காசு ஏறுவது ஃபிஃபோவிலும் நடக்கும்.

காஃப்காவில் 0.11 பதிப்பிலிருந்து, அதாவது 2017இலிருந்து, ட்ரான்ஸாக்‌ஷன் இருக்கிறது. ஒரு டாபிக்கில் படித்து, இன்னொரு டாபிக்கில் எழுதி, எதுவரை படித்தோம் என்று குறிக்கும் ஆஃப்செட்டையும் சேர்த்து கமிட் செய்வது ஒரே மூச்சில் நடக்கும். காஃப்காவுக்குள்ளேயே சுற்றும் வேலைக்கு அது அருமை. உங்கள் போஸ்ட்கிரெஸோ எஸ்எம்எஸ் கம்பெனியோ அந்த ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இல்லை. வேலையின் விளைவு எங்கே விழுகிறதோ அங்கேதான் டூப்ளிகேட்டைத் தடுக்க முடியும், க்யூவால் அந்த இடம் வரை எட்ட முடியாது. எனவே மெசேஜ் ரெண்டு தடவை வரட்டும், பரவாயில்லை. விளைவு ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.

அந்த விளைவை ஒரு தடவையோட நிறுத்துறது எப்படி?

செய்த வேலைகளைக் குறித்து வைக்க ஒரு டேபிள், அதில் ஒரு ப்ரைமரி கீ. சூட்சுமம் என்னவென்றால் குறிப்பதும் வேலையும் ஒரே டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷனில் இருக்க வேண்டும்.

```sql
BEGIN;
INSERT INTO done_events (event_key)
VALUES ('cashback:order:48213')
ON CONFLICT DO NOTHING;
-- 0 வரி சேர்ந்தால்: ஏற்கெனவே முடிந்தது, நேராக COMMIT
-- 1 வரி சேர்ந்தால் மட்டும் அடுத்த வரி
UPDATE wallets SET balance = balance + 50
WHERE user_id = 917;
COMMIT;
-- இதற்கு அப்புறம்தான் DeleteMessage
```

கேட்வேயிடம் கேட்கும் 40 நொடி வேலையை `BEGIN`க்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், அது வெறும் விசாரிப்புதான், ரெண்டு தடவை விசாரித்தால் ஒன்றும் ஆகாது. ட்ரான்ஸாக்‌ஷன் சில மில்லிநொடிதான் திறந்திருக்கும்.

A-வும் B-யும் ஒரே நேரத்தில் இங்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். A இன்னும் கமிட் செய்யவில்லை என்றால் B-யின் `INSERT` அங்கேயே நின்று காத்திருக்கும். A கமிட் செய்தால் B-க்கு 0 வரி கிடைக்கும், விலகிவிடும். A ரோல்பேக் ஆனால் B-க்கு 1 வரி கிடைக்கும், அது வேலையைச் செய்யும். இந்தக் காவல் வேலையை போஸ்ட்கிரெஸ் பார்த்துக்கொள்கிறது, நாம் தனியாக லாக் எதுவும் போட வேண்டாம்.

இதில் ரெண்டு தப்பை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, `SELECT` போட்டு "இருக்கிறதா" என்று பார்த்து, இல்லாவிட்டால் வேலை செய்வது. ரெண்டு வொர்க்கரும் ஒரே நேரத்தில் பார்த்தால் ரெண்டுக்குமே "இல்லை" என்றுதான் வரும். ரெண்டாவது இதைவிட மோசம், ரெடிஸில் "செய்தாச்சு" என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம் போஸ்ட்கிரெஸில் வேலை செய்வது. நடுவில் வொர்க்கர் செத்தால், அடுத்து வருபவர் குறிப்பைப் பார்த்துவிட்டு மெசேஜை டெலிட் செய்துவிடுவார். வேலை நடக்கவே இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. டூப்ளிகேட்டைத் தடுக்கப் போய் மெசேஜைத் தொலைப்பது இப்படித்தான்.

அந்த கீயா `MessageId`யை வச்சுக்கலாமா? அது யூனிக்தானே?

வேண்டாம். அது க்யூவுக்கு யூனிக், உங்கள் வியாபாரத்துக்கு அல்ல. அனுப்பும் சர்வீஸ் `SendMessage` கூப்பிட்டு, மெசேஜ் சேர்ந்தும் பதில் மட்டும் நெட்வொர்க்கில் தொலைந்துபோனால், அது மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டர், ரெண்டு `MessageId`. உங்கள் டேபிள் ரெண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். பல தடவை எடுத்தும் முடியாத மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் க்யூவிலிருந்து திரும்ப அனுப்பும்போதும் அமேசான் புது `MessageId` கொடுக்கிறது.

கீ என்பது "எந்த வேலை, எதற்காக" என்பதைச் சொல்ல வேண்டும்: `cashback:order:48213`. ஒரு ஆர்டருக்கு ஒரே கேஷ்பேக்தான் என்ற விதி இந்தப் பெயரிலேயே இருக்கிறது. பகுதிப் பகுதியாகப் பணம் திருப்பித் தருவது போன்ற இடத்தில் ஆர்டர் எண் போதாது, ஒரே ஆர்டருக்கு நியாயமாகவே ரெண்டு ரீஃபண்ட் இருக்கலாம், அங்கே ரீஃபண்டின் எண்ணை வைக்க வேண்டும். இதை டெவலப்பர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யாமல் அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வாலட் எங்க டேட்டாபேஸ்ல இருக்கு, சரி. எஸ்எம்எஸ் அனுப்புறது வெளியே இருக்கே, அதை ரோல்பேக் பண்ண முடியாதே?

முடியாது. எஸ்எம்எஸ் போனதற்கும் நீங்கள் "போனது" என்று குறிப்பதற்கும் நடுவில் எப்போதும் ஒரு சந்து இருக்கும், வொர்க்கர் அந்தச் சந்தில் செத்தால் உங்களுக்கு உண்மை தெரியாது. எதிர்ப்பக்கம் உதவினால் மட்டுமே இதை மூட முடியும். ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் சேவைகள் `Idempotency-Key` என்ற ஹெடரை ஏற்கின்றன. ஒரே கீயுடன் ரெண்டாம் தடவை வந்தால் காசை மறுபடி எடுக்காமல் முதல் பதிலையே திருப்பித் தருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த கீயை ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்காமல் மேலே சொன்ன அதே `event_key`யிலிருந்து எடுப்பது. ரீட்ரை லூப்புக்குள் `uuid()` போட்டுவிட்டு "ஹெடர் அனுப்புகிறோமே" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரைப் அந்த கீயை 24 மணி நேரத்துக்குப் பிறகு நீக்கிவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று நாள் டெட் லெட்டரில் கிடந்ததை அப்படியே திருப்பி விட்டால் இந்தப் பாதுகாப்பு இருக்காது, முதலில் அந்தப் பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் கீயே ஏற்காது என்றால் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "உங்கள் ஆர்டர் கிளம்பியது" எஸ்எம்எஸ் ரெண்டு தடவை போனால் யாரும் சாக மாட்டார்கள், அனுப்பிவிட்டுக் குறியுங்கள். விளம்பர எஸ்எம்எஸ் என்றால் குறித்துவிட்டு அனுப்புங்கள், தொலைந்தால் தொலையட்டும். அதுதான் 'அட்-மோஸ்ட்-ஒன்ஸ்', அதற்கும் இடம் உண்டு.

ஃபெயில் ஆனா எத்தனை தடவை ரீட்ரை பண்ணலாம்?

அதற்கு முன், எதை ரீட்ரை செய்கிறீர்கள்? கேட்வே டைம்அவுட், 503, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, இதெல்லாம் கொஞ்ச நேரத்தில் சரியாகலாம். ஜேசனில் `order_id`யே இல்லை என்றால் ஆயிரம் தடவை படித்தாலும் அது முளைக்காது. அப்படிப்பட்டதை ரீட்ரைக்கே விடாமல் நேராக டெட் லெட்டருக்குத் தள்ளிவிடுங்கள்.

சரியாகக்கூடியதற்கு, இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்குங்கள், அதோடு கொஞ்சம் தாறுமாறும் சேருங்கள்:

```python
n = int(msg["Attributes"]["ApproximateReceiveCount"])
wait = random.randint(1, min(900, 5 * 2 ** n))
```

இந்த `wait`ஐ `ChangeMessageVisibility`க்குக் கொடுத்தால் மெசேஜ் அவ்வளவு நேரம் மறைந்திருக்கும். முதல் தடவை அதிகபட்சம் 10 நொடி, அடுத்து 20, 40, 80, அப்படியே 15 நிமிடத்தில் நிற்கும். `random` எதற்கு என்றால், கேட்வே விழுந்தபோது 500 மெசேஜ் ஒன்றாக ஃபெயில் ஆகியிருக்கும். எல்லாம் சரியாக 10ஆவது நொடியில் ஒன்றாகத் திரும்பி வந்தால், அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த கேட்வே மறுபடி படுத்துவிடும்.

எத்தனை தடவை என்பதில் ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது. எச்டிடிபி லைப்ரரி தானாக 3 தடவை முயலும், உங்கள் கோடில் 3 தடவை லூப், க்யூவில் 5 தடவை என்றால் ஒரு மெசேஜுக்கு 45 அழைப்பு. விழுந்து கிடக்கும் சர்வீஸை 45 மடங்கு அடிப்பதற்குப் பெயர் ரீட்ரை இல்லை. ஒரே ஒரு அடுக்கில் மட்டும் வையுங்கள், க்யூ இருக்கும்போது அது க்யூவாக இருக்கட்டும்.

டெட் லெட்டர் க்யூ வச்சிருக்கோம். அதுல விழுந்ததை என்ன பண்றது?

முதலில், அங்கே ஒன்றே ஒன்று விழுந்தாலும் அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். அலாரம் இல்லாவிட்டால் அது குப்பைத் தொட்டி.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டாண்டர்ட் க்யூவில் மெசேஜ் டெட் லெட்டருக்குப் போகும்போது அதன் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்காது, முதலில் க்யூவில் சேர்ந்த நேரத்திலிருந்தே ஓடும். ரெண்டு க்யூவுக்கும் இயல்பான 4 நாள் ஆயுளே இருந்து, மெயின் க்யூவில் 3 நாள் தேங்கிக் கிடந்துவிட்டுப் போனால், அங்கே அதற்கு 1 நாள்தான் மிச்சம். வெள்ளி ராத்திரி விழுந்தது திங்கள் காலையில் இருக்காது. டெட் லெட்டரின் ஆயுளை உச்ச வரம்பான 14 நாளுக்கு வைத்துவிடுங்கள்.

எத்தனை தடவைக்கு அப்புறம் மெசேஜை டெட் லெட்டருக்குத் தள்ள வேண்டும் என்று சொல்லும் `maxReceiveCount`, எத்தனை முறை எடுக்கப்பட்டது என்றுதான் எண்ணுகிறது, எத்தனை முறை ஃபெயில் ஆனது என்று அல்ல. மேலே பத்தில் ஒன்பதாவது, பத்தாவது மெசேஜ் கதை சொன்னேனே, அதுபோல யாரும் தொடாமலேயே டைம்அவுட் ஆன மெசேஜுக்கும் எண்ணிக்கை ஏறும். அதை 1 என்று வைத்தால் ஒரு டெப்ளாய்மென்ட்டில் வொர்க்கர் ரீஸ்டார்ட் ஆனாலே நல்ல மெசேஜெல்லாம் டெட் லெட்டரில் கிடக்கும். நான் 5க்குக் கீழே வைப்பதில்லை.

காரணத்தைச் சரி செய்தபின் திருப்பி அனுப்புங்கள். இந்த நேரத்தில்தான் `done_events` டேபிள் கைகொடுக்கும். அதில் பழைய வரிகளை அழிக்கும் ஜாப் ஓட்டுகிறீர்கள் என்றால், மெசேஜ் எவ்வளவு காலம் கழித்துத் திரும்பி வரலாமோ அதைவிட நீளமாக வையுங்கள். திருப்பி அனுப்பிய மெசேஜுக்கு வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் 14 நாள் போதாது. நான் 60 நாள் வைக்கிறேன், வரி ஒன்றுக்கு சில பைட்தானே.

இதெல்லாம் சரியா வேலை செய்யுதான்னு ப்ரொடக்‌ஷனுக்கு முன்னாடி எப்படிப் பார்ப்பது?

ஸ்டேஜிங்கில் ஒரே மெசேஜை ரெண்டு தடவை அனுப்பி வாலட்டைப் பாருங்கள். இது முதல் சோதனை, சுலபம்.

ரெண்டாவதுக்கு, `COMMIT`க்கும் `DeleteMessage`க்கும் நடுவில் `sleep(20)` போட்டு, அந்த 20 நொடிக்குள் வொர்க்கரை `kill -9` செய்யுங்கள். இன்னொரு வொர்க்கர் அதே மெசேஜை எடுத்து, 0 வரி பார்த்து, பேசாமல் டெலிட் செய்ய வேண்டும். அடுத்து அதே `sleep`ஐ `UPDATE`க்கும் `COMMIT`க்கும் நடுவில் வைத்துக் கொல்லுங்கள். இந்தத் தடவை ரெண்டாவது வொர்க்கர் 50 ரூபாயை ஏற்ற வேண்டும், 0 வரி வந்தால் உங்கள் குறிப்பும் வேலையும் வேறு வேறு ட்ரான்ஸாக்‌ஷனில் இருக்கின்றன. எங்கள் டீமில் இதை முதன்முதலில் ஓட்டியபோது அதுதான் வந்தது, ஓஆர்எம் ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே தனியாக கமிட் செய்யும் ஆட்டோகமிட்டில் இருந்திருக்கிறது.